ஒரே குழுவா, வேறு குழுவா: குருஸ்கல் அல்காரிதம் ஒவ்வொரு விளிம்பிடமும் கேட்கும் கேள்வி

ஒரு கோட்டுருவில் n முனைகளும், அவற்றை இணைக்கும் m விளிம்புகளும், ஒவ்வொரு விளிம்புக்கும் ஓர் எடையும் தரப்பட்டுள்ளன. எந்த முனையிலிருந்தும் வேறு எந்த முனைக்கும் போக வழி இருக்க வேண்டும், ஆனால் தேர்ந்தெடுக்கும் விளிம்புகளின் மொத்த எடை இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். எடைகள் நேர்ம எண்களாக இருந்தால் இந்த நிபந்தனையை நிறைவேற்றும் அமைப்பில் சுழற்சி இருக்க முடியாது, ஏனெனில் சுழற்சியில் ஒரு விளிம்பை நீக்கினாலும் தொடர்பு அறுவதில்லை, எடை மட்டும் குறைகிறது. ஆகவே விடை எப்போதும் n−1 விளிம்புகள் கொண்ட ஒரு மரமாகவே அமையும். இதைத்தான் சிறும அளாவும் மரம் என்கிறோம். மினிமம் ஸ்பானிங் ட்ரீ என்ற பெயரில் இது பலருக்கும் பழக்கமானது.

இதற்கான தீர்வை ஓட்டகார் பொரூவ்கா 1926-இலேயே, மொராவியாவின் மின்வலைப்பின்னல் தொடர்பாக, வெளியிட்டுவிட்டார். ஜோசப் குருஸ்கல் 1956-இல் வெளியிட்ட வழிமுறை அதைவிடச் சொல்வதற்கு எளிது. விளிம்புகளை எடையின் ஏறுவரிசையில் அடுக்கி, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கையில் உள்ள விளிம்பு ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவற்றோடு சேர்ந்து சுழற்சி உண்டாக்கினால் அதைத் தள்ளிவிட வேண்டும், உண்டாக்காவிட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்முறை இவ்வளவுதான். ஆனால் "சுழற்சி உண்டாகுமா" என்ற கேள்வி m முறை கேட்கப்படுகிறது என்பதால், அதற்கு எவ்வளவு விரைவாக விடை கிடைக்கிறது என்பதில்தான் நிரலின் வேகம் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கேட்கும் விதத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் விடை சத்தமில்லாமல் தவறாகிவிடும். இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

முதலில், எடை குறைந்ததை எடுத்துக்கொண்டே போனால் இறுதி விடையும் சிறுமமாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? பேராசை வழிமுறைகள் எல்லாக் கணக்குகளிலும் பலிப்பதில்லை என்பதால் இந்த ஐயம் நியாயமானது. u, v என்ற முனைகளை இணைக்கும் ஒரு விளிம்பு இப்போது நம் கையில் இருக்கிறது என்றும், அதுவரை தேர்ந்தெடுத்த விளிம்புகள் வழியே ஒன்றையொன்று அடையக்கூடிய முனைகளை ஒரு குழு என்றால், u ஒரு குழுவிலும் v வேறொரு குழுவிலும் இருக்கின்றன என்றும் கொள்வோம். u இருக்கும் குழுவை S என்போம். S-இன் எல்லையைக் கடந்து வெளியே போகும் விளிம்புகளில், இதைவிட எடை குறைந்தது ஒன்று இருந்திருந்தால் அது வரிசையில் முன்பே வந்திருக்கும். வந்தபோது அதன் இரு முனைகளும் வேறு வேறு குழுக்களில் இருந்திருக்கும் என்பதால் அப்போதே ஏற்கப்பட்டு, அதன் மறுமுனையும் S-க்குள் சேர்ந்திருக்கும். எனவே S-இன் எல்லையைக் கடப்பவற்றில் நம் கையில் உள்ளதைவிடக் குறைந்த எடை கொண்டது எதுவும் இல்லை.

இனி, இதுவரை தேர்ந்தெடுத்தவற்றையெல்லாம் உள்ளடக்கிய ஒரு சிறும அளாவும் மரம் இந்த விளிம்பை மட்டும் சேர்க்காமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மரத்தில் இந்த விளிம்பைச் சேர்த்தால் ஒரு சுழற்சி தோன்றும். S-இலிருந்து வெளியே போன அந்தச் சுழற்சி மீண்டும் S-க்குள் வந்தாக வேண்டும் என்பதால், எல்லையைக் கடக்கும் இன்னொரு விளிம்பு அதில் கட்டாயம் இருக்கும். அந்த இன்னொன்று நாம் முன்பு தேர்ந்தெடுத்ததாக இருக்க முடியாது, ஏனெனில் தேர்ந்தெடுத்தவை எதுவும் S-இன் எல்லையைக் கடப்பதில்லை. அதை நீக்கிவிட்டு நம் விளிம்பை வைத்துக்கொண்டால் மரம் மரமாகவே இருக்கும், மொத்த எடையும் கூடாது. ஆகவே ஒவ்வோர் ஏற்பும் பாதுகாப்பானது. சமமான எடைகள் இருக்கும்போது எந்த வரிசையில் எடுத்தாலும் மொத்த எடை மாறாது. எந்த விளிம்புகள் தேர்வாகின்றன என்பது மட்டும் மாறலாம். இரண்டு நிரல்கள் ஒரே மொத்தத்தையும் வேறு வேறு விளிம்புகளையும் தந்தால் உடனே பிழை தேடத் தொடங்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மேற்கண்ட வாதத்தில் "குழு" என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்ததைக் கவனிக்கலாம். சுழற்சி உண்டாகுமா என்று தெரிந்துகொள்ள, இதுவரை கட்டிய காட்டுக்குள் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. u-வும் v-யும் ஒரே குழுவில் இருந்தால் அவற்றுக்கிடையே ஏற்கெனவே ஒரு பாதை உண்டு, புதிய விளிம்பு அதை மூடிச் சுழற்சியாக்கும். வேறு குழுக்களில் இருந்தால் சுழற்சிக்கு வழியே இல்லை. அப்படியானால் நமக்கு வேண்டியவை இரண்டே செயல்கள்: ஒரு முனை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்வது ஒன்று, இரண்டு குழுக்களை ஒன்றாக்குவது மற்றொன்று. குழுக்கள் ஒருபோதும் பிரிவதில்லை, சேர்ந்துகொண்டே போகின்றன. இந்த ஒருவழிப் போக்கை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வதுதான் வெட்டாக் கணங்கள் என்ற தரவுக் கட்டமைப்பு. பெர்னார்ட் கேலரும் மைக்கேல் ஃபிஷரும் 1964-இல் வெளியிட்ட வடிவமே இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

அதன் அமைப்பு மிகச் சிக்கனமானது. `parent` என்ற ஓர் அணி மட்டும் போதும். ஒவ்வொரு முனையும் தன் குழுவில் உள்ள இன்னொரு முனையைச் சுட்டுகிறது. தன்னையே சுட்டும் முனை அக்குழுவின் வேர். எந்த முனையிலிருந்தும் சுட்டிகளைப் பின்பற்றி மேலே போனால் வேரை அடையலாம், அந்த வேரின் எண்ணே குழுவின் அடையாளம். இரண்டு குழுக்களை ஒன்றாக்க ஒரு வேரை இன்னொரு வேரின் கீழ் தொங்கவிட்டால் போதும், ஓர் எண்ணை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுவது நல்லது. இந்தச் சுட்டிகளால் உருவாகும் மரமும் நாம் தேடும் அளாவும் மரமும் வேறு வேறு. சுட்டிகள் "யார் எந்தக் குழு" என்பதை மட்டுமே சொல்கின்றன. கோட்டுருவில் விளிம்பே இல்லாத இரண்டு முனைகளுக்கிடையே சுட்டி இருக்கலாம், தேர்வான விளிம்புகளில் பல சுட்டிகளாக இல்லாமலும் போகலாம். தேர்வான விளிம்புகளைத் தனியே ஒரு பட்டியலில் சேர்த்துவைக்க வேண்டும். இறுதியில் `parent` அணியைப் படித்து அதையே விடையாக அச்சிடுவது தவறு.

எட்டு முனைகளும் பன்னிரண்டு விளிம்புகளும் கொண்ட ஒரு கோட்டுருவை எடுத்துக்கொள்வோம். விளிம்புகள் ஏற்கெனவே எடையின்படி வரிசையாக்கப்பட்டுள்ளன. புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது எடை.

```
1-2: 2    3-4: 3    5-6: 4    7-8: 5
2-4: 6    1-3: 7    6-8: 8    1-4: 9
4-8: 10   5-7: 11   3-6: 12   2-7: 14
```

ஒன்றாக்கும்போது பெரிய குழுவின் வேரே வேராக நீடிக்கட்டும். இரண்டும் சம அளவாக இருந்தால் முதலில் எழுதிய முனையின் வேர் நீடிக்கட்டும். முதல் நான்கு விளிம்புகளிலும் சிக்கல் ஏதும் இல்லை. 2 என்ற முனை 1-ஐயும், 4 என்பது 3-ஐயும், 6 என்பது 5-ஐயும், 8 என்பது 7-ஐயும் சுட்டுகின்றன. இப்போது இரண்டிரண்டு உறுப்பினர்கள் கொண்ட நான்கு குழுக்கள் உள்ளன.

ஐந்தாவதாக வருவது 2-4. 2-இன் வேர் 1, 4-இன் வேர் 3. வேர்கள் வேறு என்பதால் விளிம்பு ஏற்கப்படுகிறது, 3 என்ற வேர் 1-இன் கீழ் போகிறது. விளிம்பு 2-க்கும் 4-க்கும் இடையே இருந்தாலும் மாறியது 3-இன் சுட்டிதான் என்பது முக்கியம். இப்போது 4-இலிருந்து வேருக்குப் போக 4, 3, 1 என்று இரண்டு படி ஏற வேண்டும். அடுத்து வரும் 1-3 விளிம்பின் இரு முனைகளுக்கும் வேர் 1 என்பதால் அது தள்ளப்படுகிறது. இந்தத் தள்ளுதலின் பொருளைக் கோட்டுருவிலும் பார்க்கலாம்: 1, 2, 4, 3 என்று சுற்றிவரும் சுழற்சியின் எடைகள் 2, 6, 3, 7. தள்ளப்பட்டதுதான் அவற்றில் மிகக் கனமானது.

ஏழாவதான 6-8 ஏற்கப்பட்டு, 7 என்ற வேர் 5-இன் கீழ் போகிறது. எட்டாவதான 1-4 வரும்போதுதான் பாதைச் சுருக்கம் முதன்முதலாக வேலை செய்கிறது. 4-இன் வேரைத் தேடி 3 வழியாக 1-ஐ அடைந்தபின், 4-இன் சுட்டியை நேராக 1-க்கு மாற்றிவிடுகிறோம். விளிம்பு என்னவோ தள்ளப்பட்டுவிட்டது, ஆனால் அதற்காக நடந்த நடை வீணாகவில்லை. அடுத்த முறை 4-ஐப் பற்றிக் கேட்டால் ஒரே படியில் விடை கிடைக்கும். அந்த அடுத்த முறை உடனே வருகிறது. ஒன்பதாவதான 4-8 விளிம்பில் 4-இன் வேர் ஒரு படியில் 1 என்று தெரிகிறது. 8-இன் வேரைத் தேடி 7 வழியாக 5-ஐ அடைந்து, 8-இன் சுட்டியையும் 5-க்கு மாற்றுகிறோம். வேர்கள் 1, 5 என வேறாக இருப்பதால் விளிம்பு ஏற்கப்பட்டு, 5 என்பது 1-இன் கீழ் போகிறது. ஏற்கப்பட்ட விளிம்புகள் ஏழு ஆகிவிட்டதால் மீதி மூன்றைத் தொடாமலே நிறுத்திவிடலாம். மொத்த எடை 2+3+4+5+6+8+10, அதாவது 38.

முடிவில் `parent` அணி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். 2, 3, 4, 5 ஆகியவை 1-ஐயும், 6, 7, 8 ஆகியவை 5-ஐயும் சுட்டுகின்றன. கோட்டுருவில் 1-க்கும் 5-க்கும் இடையே விளிம்பே கிடையாது, ஆனால் சுட்டி இருக்கிறது. 8 சற்றுமுன்தான் சுருக்கப்பட்டது என்றாலும் அது வேரிலிருந்து இரண்டு படி தள்ளியே நிற்கிறது, ஏனெனில் சுருக்கிய பிறகே 5 இன்னொரு வேரின் கீழ் போனது. பாதைச் சுருக்கம் எல்லா முனைகளையும் எப்போதும் வேரோடு ஒட்டவைத்துவிடுகிறது என்று சிலர் எண்ணுவதுண்டு. தேடலின்போது கடந்துவந்த முனைகளை மட்டுமே அது தொடுகிறது, அதுவும் அந்த நேரத்து வேருக்கு மட்டுமே ஒட்டவைக்கிறது. சுருக்கமே செய்யாமல் இருந்திருந்தால் 8-இலிருந்து 7, 5, 1 என்று மூன்று படி ஏற வேண்டியிருந்திருக்கும்.

நிரலாக எழுதும்போது, வேரை அடைந்தபின் திரும்பிவந்து ஒவ்வொரு சுட்டியையும் மாற்றுவதைவிட, போகும் வழியிலேயே பாதியைச் சுருக்கும் முறை எளிதானது. ஒவ்வொரு முனையையும் அதன் மேல்முனையின் மேல்முனைக்குச் சுட்டவைத்துவிட்டு அங்கே தாவுவதே அம்முறை. அளவு பார்த்து இணைப்பதோடு சேரும்போது முழுச் சுருக்கத்துக்கு உள்ள அதே வேக வரம்பு இதற்கும் உண்டு என்று டார்ஜனும் வான் லியூவனும் 1984-இல் நிறுவினர். நம் எடுத்துக்காட்டில் பாதைகள் குறுகியவை என்பதால் இரண்டு முறைகளும் ஒரே அணியைத்தான் தருகின்றன.

```python
def find(parent, x):
    while parent[x] != x:
        parent[x] = parent[parent[x]]
        x = parent[x]
    return x

def kruskal(n, edges):            # edges: (w, u, v)
    parent = list(range(n + 1))
    size = [1] * (n + 1)
    chosen, total = [], 0
    for w, u, v in sorted(edges):
        a, b = find(parent, u), find(parent, v)
        if a == b:
            continue
        if size[a] < size[b]:
            a, b = b, a
        parent[b] = a
        size[a] += size[b]
        chosen.append((u, v))
        total += w
        if len(chosen) == n - 1:
            break
    return total, chosen
```

இதில் `size` அணியைப் பற்றி ஒரு சொல். வேர் அல்லாத முனைகளுக்கு அதில் உள்ள எண் பழையதாகவே தங்கிவிடும், அதை யாரும் படிப்பதில்லை என்பதால் கேடில்லை. பாதைச் சுருக்கம் குழுவின் உறுப்பினர்களை மாற்றுவதில்லை, ஆகவே வேரின் `size` எப்போதும் சரியாக இருக்கும். அளவுக்குப் பதிலாக உயரத்தை வைத்து இணைப்பவர்களுக்கு நிலைமை வேறு. சுருக்கத்தால் உண்மையான உயரம் குறைந்துபோகலாம், குறித்துவைத்த எண் குறையாது. அதனால்தான் அதை உயரம் என்று சொல்லாமல் தரம் என்கிறார்கள். அது உயரத்துக்கு ஒரு மேல்வரம்பு மட்டுமே. வேகத்துக்கான உறுதி அதனால் கெடுவதில்லை, ஆனால் அந்த எண்ணை உண்மையான உயரமாக நம்பி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

இனி, செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். அளவு பார்த்து இணைத்தாலே, சுருக்கம் இல்லாதபோதும், எந்த முனையும் வேரிலிருந்து `log2 n` படிகளுக்கு மேல் விலகாது. ஒரு முனை வேரிலிருந்து ஒரு படி கூடுதலாக விலகும் ஒவ்வொரு முறையும் அது தன்னைவிடப் பெரிய அல்லது சமமான குழுவோடு சேர்கிறது, அதாவது அது இருக்கும் குழுவின் அளவு குறைந்தது இரட்டிப்பாகிறது. 1,00,000 முனைகளுக்கு இந்த விலகல் அதிகபட்சம் 16 படிகள். பாதைச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், ஒரு தேடலுக்கான சராசரிச் செலவு அக்கர்மன் சார்பின் நேர்மாறு அளவுக்குத்தான் வளரும் என்று ராபர்ட் டார்ஜன் 1975-இல் காட்டினார். நடைமுறையில் எண்ணிப்பார்க்கக்கூடிய எந்த n-க்கும் அதன் மதிப்பு 4-ஐத் தாண்டாது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், முழு அல்காரிதத்தின் நேர வரம்பு இதனால் மாறுவதில்லை. 1,00,000 முனைகளும் 5,00,000 விளிம்புகளும் கொண்ட கோட்டுருவில், விளிம்புகளை வரிசையாக்குவதற்கே ஏறத்தாழ 95 லட்சம் ஒப்பீடுகள் தேவைப்படலாம். தேடல்கள் அதிகபட்சம் 10 லட்சம்தான், ஒவ்வொன்றும் சில படிகளில் முடிந்துவிடுகிறது. `m log m` என்ற வரிசையாக்கச் செலவே மேலோங்கி நிற்கும்போது, தேடலுக்கு `log n` ஆனாலும் நான்கு படி ஆனாலும் ஆய்வுக்கணக்கில் வரம்பு ஒன்றுதான். பாதைச் சுருக்கத்தால் குருஸ்கல் வழிமுறையே நேர்கோட்டு வேகத்துக்கு வந்துவிடுகிறது என்று எழுதப்படுவதை ஆங்காங்கே காணலாம், அது சரியல்ல. விளிம்புகள் முன்பே வரிசையாகக் கிடைத்தாலோ, எடைகள் சிறு முழுஎண்களாக இருந்து எண்ணி அடுக்கும் முறையால் வரிசையாக்க முடிந்தாலோதான் வெட்டாக் கணங்களின் செலவு மேலே தெரியவரும், அப்போதுதான் அந்தக் கூற்று ஏறத்தாழ உண்மையாகும்.

அப்படியானால் சுருக்கம் எதற்கு? தள்ளப்படும் விளிம்புகளைப் பாருங்கள். மேற்கண்ட கோட்டுருவில் ஏற்கப்படுபவை 99,999-க்கு மேல் போகாது. கடைசிவரை பார்க்க வேண்டிவந்தால், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விளிம்புகள் "ஒரே குழு" என்ற விடையைப் பெறுவதற்காகவே வருகின்றன. n−1 எண்ணிக்கை ஆனதும் நிறுத்திவிடலாம் என்றாலும், ஒரே ஒரு முனை மிகக் கனமான விளிம்பால் மட்டும் மற்றவற்றோடு இணைந்திருந்தால், அந்த விளிம்பு வரும்வரை எல்லாவற்றையும் கடந்தே ஆக வேண்டும். இப்படித் தள்ளப்படும் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு பாதைகளை நடந்து ஒரே வேரில் போய் முடிகிறது, போகிற போக்கில் இரண்டையும் குறுக்கிவிட்டுச் செல்கிறது. விடையில் இடம்பெறாத விளிம்புகள்தான் பின்னால் வருபவற்றுக்கான வேலையைக் குறைத்துக்கொண்டே போகின்றன. அதற்கு ஆகும் கூடுதல் செலவோ ஒரே ஒரு வரி.

அளவு பார்த்து இணைக்காமல் பாதைச் சுருக்கத்தை மட்டும் நம்பி எழுதப்படும் நிரல்களும் ஏராளம். ஒரு தேடலுக்கான சராசரிச் செலவு அப்போதும் `log n` அளவில் அடங்கிவிடும் என்பதால் பொதுவாக அவை வேகத்தில் ஏமாற்றுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1-2, 2-3, 3-4 என்று சங்கிலியாக அமைந்த விளிம்புகள் அதே வரிசையில் வந்து, ஒவ்வொரு முறையும் முதல் வேர் இரண்டாவதன் கீழ் போனால், தேடப்படும் முனைகள் எல்லாம் அந்த நேரத்து வேர்களாகவே இருக்கும். நடப்பதற்குப் பாதையே இல்லாததால் சுருக்கத்துக்கும் வாய்ப்பு வராது, சங்கிலி முழு நீளத்துக்கு வளர்ந்துவிடும். பிறகு 1-ஐப் பற்றிய முதல் கேள்வி n−1 படிகள் ஏறும். `find` தற்சுழற்சியாக எழுதப்பட்டிருந்தால் பைத்தானில் இயல்பாக உள்ள 1000 என்ற ஆழ வரம்பை மீறி `RecursionError` வரும், சி++ போன்ற மொழிகளில் அடுக்கு நினைவகம் தீர்ந்து நிரல் நின்றுபோகலாம். சிறு சோதனைகளில் இது தலைகாட்டுவதே இல்லை. மேலே உள்ளதுபோல `while` கொண்டு எழுதினால் இந்தக் கவலை இல்லை.

நிற்கும் நிரலையாவது கண்டுபிடித்துவிடலாம். நிற்காமல் தவறான விடை தரும் நிரல்தான் தொல்லை. மிகப் பரவலான பிழை, வேர்களை ஒப்பிடுவதற்குப் பதிலாக `parent[u]`, `parent[v]` ஆகியவற்றை நேரடியாக ஒப்பிடுவது. நம் எடுத்துக்காட்டில் முதல் ஏழு விளிம்புகள்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. எட்டாவதான 1-4 வரும்போது `parent[1]` என்பது 1, `parent[4]` என்பது 3. இரண்டும் ஒரே குழு என்றாலும் எண்கள் வேறு என்பதால் விளிம்பு ஏற்கப்பட்டுவிடுகிறது, ஏழு என்ற எண்ணிக்கையும் நிறைவாகி நிரல் நிற்கிறது. கிடைக்கும் மொத்தம் 37. உண்மையான சிறுமத்தைவிட ஒன்று குறைவு! 1, 2, 4 ஆகியவை சுழற்சியாக மூடிக்கொண்டிருக்கின்றன; முதல் நான்கு முனைகளுக்கும் பின் நான்குக்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு பிழை, வேர்களை இணைப்பதற்குப் பதிலாக முனைகளையே இணைப்பது, அதாவது `parent[v] = u` என்று எழுதுவது. 2-4 விளிம்பில் 4 மட்டும் 3-ஐ விட்டுப் பிரிந்து 2-இன் கீழ் போய்விடுகிறது, 3 தனியாக நிற்கிறது. அடுத்து வரும் 1-3 சுழற்சியை உண்டாக்கும் விளிம்பு, ஆனாலும் ஏற்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் 6-8-உம் சேர்ந்து எண்ணிக்கை ஏழாகிறது, மொத்தம் 35. இங்கேயும் கோட்டுரு இரண்டு துண்டாகவே கிடக்கிறது.

இரண்டு பிழைகளிலும் விளிம்புகளின் எண்ணிக்கை n−1 என்று சரியாகவே இருக்கிறது, மொத்தம் உண்மையைவிடக் குறைகிறது. காரணம் ஒன்றுதான்: சுழற்சியை மூடும் எடை குறைந்த விளிம்பு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, துண்டுகளை இணைக்க வேண்டிய கனமான விளிம்புக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையை மட்டும் சரிபார்ப்பது சோதனையே ஆகாது. தேர்ந்தெடுத்த விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு முனையிலிருந்து எல்லா முனைகளையும் அடைய முடிகிறதா என்று தனியாக ஒரு தேடல் நடத்திப் பார்க்க வேண்டும். அல்லது சோதனையின்போது மட்டும் `break` உள்ள வரியை நீக்கிவிடலாம். சரியான நிரல் எத்தனை விளிம்புகளைப் பார்த்தாலும் n−1-ஐத் தாண்டி ஏற்காது. மேற்கண்ட இரண்டு தவறான நிரல்களுமோ 4-8-ஐயும் ஏற்று, ஒன்பதாவது விளிம்பிலேயே எட்டு என்ற எண்ணிக்கையைத் தொட்டுவிடும். எண்ணிக்கை n−1-ஐ எட்டாமலே பட்டியல் தீர்ந்துபோனால் அது பிழையல்ல. கோட்டுருவே தொடர்பற்றது, கிடைத்திருப்பது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மரம்.

வரிசையாக்கும் பகுதியிலும் சில பொறிகள் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி++ மொழியின் `std::sort`-க்குத் தரும் ஒப்பீட்டில் `<` வர வேண்டிய இடத்தில் `<=` எழுதினால், சம எடைகள் பல வரும்போது நிரலின் நடத்தைக்கு எந்த உறுதியும் கிடையாது. 32 பிட் எண்களில் எடைகளைக் கழித்து ஒப்பிட்டால், பெரிய நேர்ம எண்ணிலிருந்து பெரிய எதிர்ம எண்ணைக் கழிக்கும்போது அளவு மீறி வரிசையே குலையும். மொத்தத்தைச் சேர்க்கும் மாறிக்கும் அதே கவனம் தேவை: 99,999 விளிம்புகள் ஒவ்வொன்றும் 1,00,000 எடை கொண்டவை என்றால் கூட்டுத்தொகை 2,14,74,83,647 என்ற 32 பிட் வரம்பை எளிதில் கடந்துவிடும். எதிர்ம எடைகளால் அல்காரிதத்துக்கு எந்தக் குந்தகமும் இல்லை, ஏனெனில் அது எடைகளை ஒப்பிடுகிறதே தவிர அவற்றின் குறியைப் பார்ப்பதில்லை. அளாவும் மரம்தான் வேண்டும் என்று கேட்கும்வரை விடையும் சரியாகவே இருக்கும்.

கிடைத்த மரத்தை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது குறுகிய பாதைகளைத் தருவதில்லை. நம் கோட்டுருவில் 1-இலிருந்து 3-க்கு நேர்விளிம்பின் எடை 7. மரத்தின் வழியே போனால் 1, 2, 4, 3 என்று 2+6+3, அதாவது 11. திசையுள்ள விளிம்புகள் கொண்ட கோட்டுருவுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது, அங்கே ஒரே குழுவில் இருப்பது போய்ச்சேர முடியும் என்பதற்கு உறுதியாகாது. ஏறக்குறைய எல்லா முனைகளுக்கிடையிலும் விளிம்பு இருக்கும் அடர்த்தியான கோட்டுருவில் குருஸ்கல் வழிமுறை சரியான விடையையே தரும், ஆனால் பொருத்தமான தேர்வு அல்ல. 5,000 முனைகள் இருந்தாலே 1,24,97,500 விளிம்புகளை நினைவகத்தில் வைத்து வரிசையாக்க வேண்டிவரும். அங்கே பிரிமின் வழிமுறையைச் சாதாரண அணியோடு எழுதினால் `n²` அளவிலான வேலையில், விளிம்புகளைச் சேமிக்காமலேயே முடித்துவிடலாம்.

கடைசியாக, பாதைச் சுருக்கத்தையே விட்டுவிட வேண்டிய ஓர் இடம் உண்டு. சில கணக்குகளில் விளிம்புகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சேர்த்ததற்குத் தலைகீழ் வரிசையில் அவற்றை விலக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அளவு பார்த்து இணைப்பது மட்டும் இருந்தால், ஒவ்வோர் இணைப்பும் ஒரு சுட்டியையும் ஓர் அளவையும்தான் மாற்றுகிறது. அவ்விரண்டையும் குறித்துவைத்தால் ஓர் அடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சுருக்கமும் சேர்ந்தால் ஒவ்வொரு தேடலும் எத்தனை சுட்டிகளை வேண்டுமானாலும் மாற்றும், அவை அனைத்தையும் குறித்துவைத்துத் திருப்ப வேண்டும், தேடலின் சராசரிச் செலவு குறைவு என்ற உறுதியும் அதோடு போய்விடும். அங்கே `parent[x] = parent[parent[x]]` என்ற வரியை எடுத்துவிட்டு, ஒரு தேடலுக்கு `log n` படிகளோடு அமைவதே சரி.